முதல் இரண்டு வாக்கியங்கள்: கட்டுரை முன்னுரையைத் திருத்துவது எப்படி?

விளக்கக் கட்டுரை ஒன்றின் முன்னுரைக்கு இரண்டு வேலைகள்தான் உண்டு. படிக்க வந்தவரைப் போகவிடாமல் பிடித்து நிறுத்த வேண்டும். அடுத்து என்ன வரப்போகிறது என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும். முதல் வேலையை முடிக்க இரண்டு வாக்கியங்களுக்கு மேல் அவகாசம் இல்லை. இரண்டாவது வேலைக்கு இன்னும் ஒன்றிரண்டு வாக்கியம் போதும். எழுத உட்கார்ந்தவுடன் இப்படியொரு முன்னுரை தானாக வந்து விழுவது அபூர்வம். அந்த நேரத்தில் எழுதுபவருக்கே தான் சொல்லப்போவது முழுதாகத் தெரியாது. ஆகவே நல்ல முன்னுரை பெரும்பாலும் கட்டுரை முடிந்தபின் திருத்தும் மேசையில்தான் உருவாகிறது.

இரண்டு வாக்கியம் என்ற கணக்கு சற்றுக் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் வாசகர் கட்டுரைக்கு வரும்போது தலைப்பைப் படித்துவிட்டே வருகிறார். தலைப்பு எழுப்பிய ஆவலுக்கு முதல் வரியில் தீனி கிடைக்காவிட்டால் கண் கீழே நழுவும், அங்கும் கிடைக்காவிட்டால் விரல் வேறு பக்கம் போகும். ஜேக்கப் நீல்சன் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், திரையில் படித்தவர்களில் நூற்றுக்கு 79 பேர் புதிய பக்கம் எதையும் மேலோட்டமாக மேய்ந்தவர்களே. சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 பேர். அச்சிட்ட இதழைப் புரட்டுபவர் கொஞ்சம் கூடுதலாகப் பொறுமை காட்டலாம். அவரும் பக்கத்தைத் திருப்பத் தயாராகவே கையை வைத்திருக்கிறார்.

முன்னுரைகள் பலவும் கெட்டுப்போவதற்குப் பள்ளிக்கூடப் பழக்கம் ஒரு காரணம். தமிழ்த் தேர்வில் குறிப்புச்சட்டகம் போட்டு, முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று எழுதினால்தான் முழு மதிப்பெண். முன்னுரையில் ஒரு குறளோ பழமொழியோ இருந்தால் ஆசிரியருக்கு மகிழ்ச்சி. அந்த விடைத்தாளுக்கு அது சரியாகவே பொருந்தும், ஏனென்றால் திருத்துபவர் எப்படியும் கடைசி வரி வரை படித்தாக வேண்டியவர். அவரைப் பிடித்து நிறுத்தும் அவசியமே மாணவருக்கு இல்லை. கட்டாயம் எதுவும் இல்லாத வாசகருக்கும் அதே வார்ப்பில் எழுதும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

தமிழ் மரபே சுற்றி வளைப்பதை விரும்புகிறது என்று இதற்குச் சமாதானம் சொல்வதுண்டு. நன்னூல் அப்படிச் சொல்லவில்லை. நூலுக்கு முன்னால் வரும் சிறப்புப் பாயிரம் தெரிவிக்க வேண்டியவை என்று பவணந்தி முனிவர் எட்டுச் செய்திகளை வரிசைப்படுத்துகிறார். நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய மூன்றும் அவற்றில் அடக்கம். எதைப் பற்றியது, யாருக்கானது, படித்தால் என்ன கிடைக்கும்: இன்றைய பத்திரிகை ஆசிரியர் ஒருவர் ஒரு முன்னுரையிடம் கேட்பதும் இவற்றைத்தான்.

இனி ஒரு முன்னுரையைக் கையில் எடுத்துத் திருத்திப் பார்க்கலாம். மாதிரிக்காக எழுதப்பட்ட கட்டுரையின் தலைப்பு, 'மழைநீர் சேகரிப்புக் குழி: பருவமழைக்கு முன் சரிபார்ப்பது எப்படி?' அதன் முன்னுரை முதலில் இப்படி இருக்கிறது:

"நீர் மனித வாழ்வின் அடிப்படைத் தேவைகளில் ஒன்றாகும். நம் முன்னோர்கள் ஏரி, குளம், ஊருணி என்று வெட்டி மழைநீரைப் போற்றிப் பாதுகாத்து வந்தனர். ஆனால் இன்றைய நகரமயமாக்கலால் நிலத்தடி நீர்மட்டம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது. இதைக் கருத்தில் கொண்டு தமிழக அரசு 2003-ஆம் ஆண்டில் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு அமைப்பைக் கட்டாயமாக்கியது. எனவே மழைநீர் சேகரிப்பின் முக்கியத்துவத்தை ஒவ்வொருவரும் உணர வேண்டும். அதைப் பற்றி இக்கட்டுரையில் விரிவாகக் காண்போம்."

இதில் பிழையான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. இலக்கணம் சரி, செய்தியும் சரி. அதனாலேயே இதை எழுதியவருக்குக் குறை கண்ணில் படாது. ஆனால் ஆறு வாக்கியங்களைப் படித்து முடித்த வாசகருக்கு, தலைப்பில் இருந்ததைவிடக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. சொல்லப்போனால் தலைப்பு தந்ததுகூடக் கைநழுவிவிட்டது. தலைப்பு குழியைச் சரிபார்ப்பது பற்றிப் பேசியது. முன்னுரையோ மழைநீர் சேகரிப்பின் பெருமைக்குத் தாவிவிட்டது.

திருத்துபவர் செய்யும் முதல் காரியம், முன்னுரையைத் தொடாமல் கட்டுரையின் உடலைப் படிப்பது. படித்துவிட்டு, அது உண்மையில் என்ன செய்கிறது என்பதை ஒரே வரியில் ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரை செய்வது இது: ஏற்கெனவே குழி உள்ள வீட்டுக்காரருக்கு, அது அடைத்திருக்கிறதா என்று சோதிக்கவும், மேலே உள்ள மணலை அலசவும் மாற்றவும் சொல்லித் தருகிறது, எந்த நிலையில் ஆள் கூப்பிட வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த ஒரு வரி கையில் இருந்தால் பாதித் திருத்தம் முடிந்த மாதிரி. குழி வைத்திருப்பவருக்கு மழைநீரின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர் அதை ஒப்புக்கொண்டு செலவும் செய்து முடித்தவர். ஆகவே ஐந்தாவது வாக்கியம் தவறான ஆளிடம் பேசுகிறது.

அடுத்து ஒவ்வொரு வாக்கியமாக ஒரு சின்னச் சோதனை. அதிலுள்ள முக்கியச் சொல்லை மாற்றிவிட்டு, வாக்கியம் அப்போதும் நிற்கிறதா என்று பார்ப்பது. 'நீர்' இருந்த இடத்தில் 'உணவு' என்று வைத்தால் முதல் வாக்கியம் அலுங்காமல் நிற்கும். 'மழைநீர் சேகரிப்பின் முக்கியத்துவம்' என்பதைச் 'சாலைப் பாதுகாப்பின் முக்கியத்துவம்' என்று மாற்றினாலும் ஐந்தாவதற்கு ஒரு சேதமும் இல்லை. இப்படி எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும் வாக்கியம் இந்தக் கட்டுரைக்கு உரியதல்ல, எடுத்துவிடலாம். கடைசி வாக்கியம் இந்தச் சோதனையில் மிக மோசமாகத் தோற்கும். 'விரிவாகக் காண்போம்' என்பது அடுத்து வருவதைச் சொல்லும் வாக்கியம்போலத் தோற்றம் காட்டும், ஆனால் எதைக் காண்போம் என்று சொல்லாது.

இரண்டாவது, மூன்றாவது வாக்கியங்களின் பிரச்சினை வேறு. அவை பொருளோடு ஒட்டியவைதாம், ஆனால் வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்தவை. தெரிந்ததைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே வாசகர் வெளியேறிவிடுவார். நான்காவது வாக்கியம் மட்டும் கொஞ்சம் உருப்படி. ஆண்டு இருக்கிறது, ஒரு நிகழ்வு இருக்கிறது. இதைத் தூக்கி முதலில் வைத்துவிடலாமே என்று தோன்றும். வைத்துப் பார்த்தால் ஆண்டோடு தொடங்கும் வரலாற்றுக் குறிப்பாக அது ஆகிறது. வாசகர் அடுத்து வரலாற்றைத்தான் எதிர்பார்ப்பார். கட்டுரையிலோ வரலாறு இல்லை. அந்த ஆண்டுக்குச் சரியான இடம் உடலின் நடுவில், பழைய குழிகளின் வயதைப் பற்றிப் பேசும் பத்தியில்.

ஆக ஆறு வாக்கியமும் போய்விட்டன. இது வழக்கத்துக்கு மாறானதும் அல்ல. உண்மையான தொடக்கம் பல கட்டுரைகளில் மூன்றாவது அல்லது நான்காவது பத்திக்குள் ஒளிந்துகிடக்கும், அதற்கு முன் உள்ளதெல்லாம் எழுதுபவர் தொண்டையைச் செருமிக்கொண்டது. திருத்துபவர் அதைத் தேடி எடுக்கிறார். எதைத் தேடுவது? ஓர் எண், ஒரு முரண், ஒரு நஷ்டம், கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருள். இவற்றில் ஒன்று, அதைப் படித்ததும் 'அப்படியா?' என்று கேட்கவைக்கும் விதத்தில் இருக்க வேண்டும்.

மாதிரிக் கட்டுரையின் நான்காவது பத்தியில் அப்படி ஒன்று கிடக்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் கிடைக்கும் தண்ணீரின் கணக்கு அது. முன்னுரைக்கு வரும் எண்ணைத் திருத்துபவர் தானே ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். முதல் வரியில் தவறு இருந்தால் விவரம் தெரிந்த வாசகர் மீதியை நம்ப மாட்டார். ஆயிரம் சதுர அடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஒரு சென்டிமீட்டர் என்றால் பத்து லிட்டர். பெருக்கினால் 930 லிட்டர். கட்டுரையாளர் தன் பத்தியில் 'ஆயிரம் லிட்டர் குழிக்குப் போகும்' என்று எழுதியிருந்தார். விழும் தண்ணீர் முழுவதும் குழிக்குப் போவதில்லை. தளம் கொஞ்சம் குடிக்கும், கொஞ்சம் ஆவியாகும், முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டுவிடுவதே முறை. எனவே முன்னுரையில் 'போகும்' என்று வராமல் 'விழும்' என்றும், 'ஆயிரம்' என்று வராமல் '900-க்கு மேல்' என்றும் இருக்க வேண்டும். கவர்ச்சி குறைவதில்லை, வாக்கியமும் உண்மையாகிறது.

முதல் முயற்சி இப்படி அமையலாம்:

"மழைக்காலத்தில் ஆயிரம் சதுர அடிப் பரப்புள்ள ஒரு வீட்டின் மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்கிற மழையால் கிடைக்கக்கூடிய, பெரும்பாலும் வீணாகிப்போகிற தண்ணீரின் அளவு 900 லிட்டருக்கு மேல்."

சரக்கு நல்ல சரக்கு, கட்டிய விதம்தான் சரியில்லை. தமிழில் பயனிலை கடைசியில் வரும். பெயரை விளக்கும் எச்சங்களெல்லாம் பெயருக்கு முன்னால் அடுக்கிக்கொண்டு நிற்கும். அவ்வளவையும் நினைவில் தாங்கிக்கொண்டே வாசகர் கடைசி வரை நடந்து போக வேண்டியிருக்கிறது. கட்டுரையின் நடுவில் இப்படிப்பட்ட வாக்கியத்தை அவர் பொறுத்துக்கொள்வார், வாசலில் பொறுக்க மாட்டார். மருந்து எளிது: ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி, பெயருக்கு முன்னால் ஒரே ஓர் எச்சம், வினை கூடிய சீக்கிரம். 'வீணாகிப்போகிற' என்ற எச்சத்துக்குள் உண்மையில் தனி வாக்கியமே ஒளிந்திருக்கிறது. அதை வெளியே எடுத்தால் இரண்டாவது வாக்கியம் தயார்.

"ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழும். சேகரிப்புக் குழியின் மேல்மணல் அடைத்திருந்தால் அதில் பெரும்பகுதி தெருவுக்குத்தான் ஓடும்."

இரண்டு வாக்கியங்களும் ஒன்றையொன்று இழுக்கின்றன. முதலாவது ஒரு வரவைக் காட்டுகிறது, இரண்டாவது அது கைவிட்டுப் போவதைக் காட்டுகிறது. நடுவில் வாசகருக்குத் தன் வீட்டுக் குழியின் ஞாபகம் வந்துவிடும். அது எப்படி இருக்கிறதோ என்ற சந்தேகமும் எழும். இந்தச் சந்தேகம்தான் அவரை நிறுத்துகிறது, 900 என்ற எண் தனியாக நின்றால் நிறுத்தாது. எண்ணைக் கொடுத்துவிட்டு இரண்டாவது வாக்கியத்தில் இன்னோர் எண்ணை அடுக்கும் முன்னுரைகள் விழுவது இங்கேதான்: வியப்பு இருக்கும், வாசகருக்கும் அதற்கும் உறவு இருக்காது.

கேள்வியோடு தொடங்குவது இன்னொரு பழகிய வழி. 'உங்கள் மாடியில் ஒரு புதையல் இருப்பது தெரியுமா?' என்று இதே முன்னுரையை ஆரம்பித்திருக்கலாம். அப்படிக் கேட்டால் வாசகரிடம் உடனே வரும் பதில் 'தெரியாது, சொல்லித் தொலை' என்பதுதான். கேள்வி ஒரு வாக்கியத்தைச் செலவழித்துவிட்டு ஒன்றும் தராமல் போகிறது. 'புதையல்' என்ற சொல்லோ கட்டுரை தீர்க்க முடியாத கடனை வாங்கிவைக்கிறது. மணல் அலசும் பத்திக்கு வந்து சேரும்போது வாசகர் ஏமாந்துபோவார். கேள்வி உதவும் இடமும் உண்டு. வாசகர் தன் மனத்துக்குள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியாக அது இருந்தால் போதும். குழியில் மழை விட்டு இரண்டு நாளாகியும் தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்த்தவரிடம் 'தண்ணீர் ஏன் இறங்கவில்லை?' என்று தொடங்கினால் அது அவர் கேள்வியேதான்.

ஒரு மனிதரோடும் காட்சியோடும் தொடங்கும் பாணியும் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் அந்தப் பாணிக்குப் பெயர்போனது. ஒருவரின் கதையோடு கட்டுரை தொடங்கும். சில பத்திகள் கழித்து, இந்தக் கதை எதற்காகச் சொல்லப்படுகிறது என்று விளக்கும் பத்தி வரும். அந்த விளக்கப் பத்தியைச் செய்தி அறைகளில் 'நட் கிராஃப்' என்பார்கள். நீண்ட செய்திக் கட்டுரைக்கு அந்த நடை தாங்கும். குழியைச் சுத்தம் செய்ய வழி தேடி வந்தவருக்கு, யாரோ ஒருவர் காலையில் எழுந்து காபி குடித்த காட்சி தாங்காது. காட்சிதான் வேண்டும் என்றால் அது இரண்டு வாக்கியத்துக்குள் அடங்கி, மூன்றாவது வாக்கியத்திலேயே விளக்கம் வந்துவிட வேண்டும்.

மூன்றாவது வாக்கியம் முன்னுரையின் இரண்டாவது வேலைக்கு உரியது. இதை எழுதும்போது நேர்கிற தவறுகள் இரண்டு திசையில் போகும். ஒன்று, முன்பு பார்த்த 'விரிவாகக் காண்போம்'. மற்றொன்று, 'முதலில் குழியின் அமைப்பையும், அதன்பின் அடைப்பின் காரணங்களையும், அடுத்து சோதனை முறையையும், பின்னர் பராமரிப்பையும், இறுதியாகச் செலவையும் பற்றிப் பார்க்கலாம்' என்று பொருளடக்கத்தையே ஒப்பிப்பது. முதலாவது ஒன்றும் சொல்வதில்லை. இரண்டாவது எல்லாவற்றையும் சொல்லி, எதையும் நினைவில் நிற்கவிடாமல் செய்கிறது. கட்டுரை தரப்போவதில் வாசகர் கையில் எடுத்துப்போகும் இரண்டு மூன்று பொருள்களை மட்டும், அவற்றின் சொந்தப் பெயராலேயே குறிப்பிட்டால் சரியாக இருக்கும்:

"குழி அடைத்திருக்கிறதா என்று நான்கைந்து வாளித் தண்ணீரிலேயே தெரிந்துகொள்ளலாம். அந்தச் சோதனையையும், மேல்மணலை அலசிப் போடும் முறையையும், எப்போது ஆள் கூப்பிட வேண்டும் என்பதையும் இங்கே பார்க்கலாம்."

'பராமரிப்பு முறைகள்' என்று எழுதாமல் 'மேல்மணலை அலசிப் போடும் முறை' என்று எழுதியதால் வாசகருக்கு வேலையின் அளவு தெரிகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும் என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்வார். 'எப்போது ஆள் கூப்பிட வேண்டும்' என்பது கட்டுரையின் எல்லையைச் சொல்கிறது. களிமண் தரையில் தண்ணீர் இறங்காமல் நிற்பது மணல் மாற்றுவதால் தீராது. அந்த வாசகர் தனக்கு வேண்டியது இங்கே எவ்வளவு இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்கிறார். வாளித் தண்ணீர்ச் சோதனையின் விவரத்தை, அதாவது ஊற்றிய தண்ணீர் எவ்வளவு நேரத்தில் இறங்க வேண்டும் என்பதை, முன்னுரையில் சொல்லத் தேவையில்லை. அதற்காக ஒளித்துவைத்து வித்தை காட்டவும் வேண்டாம். சோதனை இருக்கிறது, எளிதானது என்பதுவரை சொன்னால் போதும்.

இப்போது முன்னுரையில் மொத்தம் நான்கு வாக்கியங்கள். பழைய ஆறு வாக்கியங்களைவிட அளவில் பெரிய வித்தியாசமில்லை. நன்னூல் கேட்ட மூன்றும் வந்துவிட்டனவா என்று பார்த்தால், பொருள் இருக்கிறது, பயன் இருக்கிறது. கேட்போர் யார் என்பது 'குழியின் மேல்மணல் அடைத்திருந்தால்' என்ற சொற்களில் மறைமுகமாக வந்துவிட்டது. குழியே இல்லாதவருக்கும் புதிதாகக் கட்டப்போகிறவருக்கும் இந்தக் கட்டுரை இல்லை என்பது புரியும். அவர்கள் விலகிப் போவதில் நஷ்டம் இல்லை.

தலைப்போடு சேர்த்து ஒருமுறை படிக்க வேண்டியதும் உண்டு. தனியாகப் படிக்கும்போது நன்றாக இருக்கிற முதல் வாக்கியம், தலைப்புக்குக் கீழே வந்ததும் அதையே திருப்பிச் சொல்வதாக ஆகிவிடக்கூடும். இங்கே தலைப்பு 'சரிபார்ப்பது எப்படி' என்கிறது, முதல் வாக்கியம் 'எதற்காக' என்பதற்குப் பதில் சொல்கிறது, இரண்டும் மோதவில்லை. பிறகு வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். முதல் வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கினால் அது இன்னும் நீளம்.

வாக்கு ஒன்று, சரக்கு ஒன்று என்று ஆவதுதான் மிக எளிதாகக் கவனத்துக்குத் தப்பும் கோளாறு. முன்னுரை மெருகேற மெருகேற உடல் அப்படியே நின்றுவிடும். திருத்தப்பட்ட முன்னுரை மூன்று பொருள்களைத் தருவதாகச் சொல்கிறது. மூன்றையும் உடலில் விரல் வைத்துக் காட்ட முடிகிறதா? மாதிரிக் கட்டுரையில் சோதனை இருக்கிறது, மணல் அலசுவதும் விரிவாக இருக்கிறது. பெருங்கல், சரளை, மணல் என்று கீழிருந்து மேலாக அடுக்கும் வரிசைகூட இருக்கிறது. ஆள் கூப்பிடுவது பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் கிடைக்கிறது. அப்படியானால் இரண்டில் ஒன்று செய்ய வேண்டும்: அந்த வாக்கியத்தைப் பத்தியாக வளர்க்கலாம், அல்லது முன்னுரையிலிருந்து அந்த வாக்கை எடுத்துவிடலாம். வரிசையும் பொருந்த வேண்டும். முன்னுரை சோதனையை முதலில் சொல்லிவிட்டு, உடல் கற்களின் அடுக்கிலிருந்து தொடங்கினால் வாசகர் தான் எதையோ விட்டுவிட்டதாக நினைத்து மேலும் கீழும் தேடுவார். இந்தக் கட்டுரையில் அப்படித்தான் இருந்தது. முன்னுரையைத் தொடாமல், கற்களைப் பற்றிய பத்தியை மணல் அலசும் பத்திக்குப் பக்கத்தில் இறக்கியதும் சரியாகிவிட்டது.

கடைசிச் சோதனையை இன்னொருவரை வைத்துத்தான் செய்ய முடியும். தலைப்பையும் முன்னுரையையும் மட்டும் ஒரு தாளில் எடுத்து, கட்டுரையைப் படிக்காத ஒருவரிடம் கொடுத்து, இதற்குக் கீழே என்னென்ன இருக்கும் என்று கேட்பது. நன்றாக இருக்கிறதா என்று கேட்கக் கூடாது. கேட்டால் 'நன்றாக இருக்கிறது' என்பார்கள். அவர் 'அடைப்பைக் கண்டுபிடிப்பது, மணலைச் சுத்தம் செய்வது' என்று சொன்னால் முன்னுரை தன் வேலையைச் செய்கிறது. 'தண்ணீர்ச் சிக்கனம் பற்றி ஏதோ' என்று இழுத்தால் மூன்றாவது வாக்கியத்தில் இன்னும் பொதுச் சொல் மிச்சம் இருக்கிறது. தாளை வாங்கியவர் பதில் சொல்வதற்கு முன், மீதிக் கட்டுரை எங்கே என்று கேட்டால் முதல் இரண்டு வாக்கியங்களை அதற்குமேல் தொட வேண்டியதில்லை.